விறைப்புக்கான கிரீமும் ஜெல்லும்: எதில் சரக்கு இருக்கிறது?

விறைப்புக்கு என்று சொல்லி விற்கப்படும் கிரீம், ஜெல், எண்ணெய், ஸ்பிரே என்று நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றில் முறையான மருத்துவப் பரிசோதனையைத் தாண்டி வந்தவற்றை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மற்றவை பெரும்பாலும் தோலில் சூடோ குளிர்ச்சியோ உண்டாக்கும் பூச்சுகள்தான். இரண்டையும் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். தடவியது உள்ளே போகுமா? போய் வேலை செய்தது என்றால், எதோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்கிறார்கள்?

முதல் கேள்விக்குக் கொஞ்சம் உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். ஆண்குறிக்குள் நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு திசுக் குழல்கள் இருக்கின்றன. கிளர்ச்சி ஏற்படும்போது நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும். அதனால் அந்தக் குழல்களுக்குள் இருக்கும் மென்தசைகள் தளரும், இரத்தம் பாய்ந்து நிறையும். நிறைந்து விம்மும்போது இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் குழல்களைச் சுற்றியுள்ள நார் உறையோடு ஒட்டி நசுங்கிவிடுவதால் இரத்தம் உள்ளேயே தங்குகிறது. அதுதான் விறைப்பு. ஆக, மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் தோல் அல்ல. அதற்கு அடியில், கெட்டியான நார் உறைக்குள் இருக்கும் தசை. குறியின் தண்டுப் பகுதியில் எதைத் தடவினாலும் தோல், அதன் கீழ் ஒரு சவ்வு, அதற்கும் கீழ் இந்த நார் உறை என்று மூன்றையும் கடந்தாக வேண்டும். தோலின் இரத்த நாளங்கள் மருந்தில் ஒரு பங்கை வழியிலேயே வேறு பக்கம் அள்ளிச் சென்றுவிடும்.

மொட்டும் சிறுநீர்த் துவாரமும் மட்டும் விதிவிலக்கு. மொட்டுக்கு அந்தக் கெட்டி உறை கிடையாது. துவாரத்தின் உட்புறம் மெல்லிய சளிச்சவ்வு. அங்கிருந்து சிறு சிரைகள் வழியாக உள் குழல்களுக்குத் தொடர்பும் உண்டு. அதனால்தான் உருப்படியான தயாரிப்புகள் எல்லாமே மொட்டிலோ துவாரத்திலோ போடச் சொல்கின்றன. ‘தண்டு முழுவதும் தேய்த்துப் பத்து நிமிடம் மசாஜ் செய்யுங்கள்’ என்று ஒரு குழாயில் எழுதியிருந்தால், அந்தச் செய்முறையே அது எந்த வகை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே வேலை செய்வது மசாஜ்தான்.

இரண்டாவது கேள்விதான் பலரை ஏமாற்றுவது. அதைப் புரிந்துகொள்ள ஒரு ஜெல்லின் கதை போதும்.

ஃபியூச்சுரா மெடிக்கல் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நைட்ரோகிளிசரின் கலந்த ஒரு ஜெல்லை உருவாக்கியது. நைட்ரோகிளிசரின் நெஞ்சுவலிக்குக் கொடுக்கப்படும் பழைய மருந்து. நைட்ரிக் ஆக்சைடைத் தந்து இரத்த நாளங்களை விரிக்கும். தோல் வழியாகவும் நன்றாக உட்புகும். காகிதத்தில் பார்த்தால் கச்சிதமான யோசனை. சுமார் 1000 ஆண்களை வைத்து மூன்றாம் கட்டப் பரிசோதனை நடந்தது. மூன்று அளவுகளில் மருந்து கலந்த ஜெல், கூடவே ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத வெறும் ஜெல். 2019 இறுதியில் முடிவு வந்தது. மருந்து கலந்தவற்றைப் போட்டவர்களுக்கு முன்பைவிட முன்னேற்றம் இருந்தது. ஆனால் வெறும் ஜெல்லைப் போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே முன்னேற்றம். மருந்தால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

மருந்து என்ற வகையில் அது தோல்வி. ஆனால் நிறுவனம் அந்த வெறும் ஜெல்லையே எடுத்து ‘மருத்துவச் சாதனம்’ என்ற வகையில் பதிவு செய்தது. 2021இல் ஐரோப்பிய அனுமதியும், 2023 ஜூனில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதியும் கிடைத்தன. எரோக்ஸான் என்ற பெயரில் மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கப்படுவது அதுதான். உள்ளே இருப்பவை தண்ணீர், ஆல்கஹால், புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், ஜெல் ஆக்கும் ஒரு பொருள் ஆகியவைதான். மொட்டில் தடவியதும் ஆல்கஹால் ஆவியாகிச் சில்லென்று குளிரும், பிறகு மெல்லச் சூடு திரும்பும்; இந்த மாற்றம் மொட்டின் நரம்பு முனைகளைத் தூண்டி விறைப்புக்கு உதவுகிறது என்பது நிறுவனத்தின் விளக்கம்.

இதை எப்படி எடைபோடுவது? விறைப்புத் திறனை அளக்க ஆய்வுகளில் ஒரு கேள்விப் பட்டியல் பயன்படுகிறது. அதில் மிக மோசம் என்றால் 1 புள்ளி, முழு நலம் என்றால் 30. குறைபாடு லேசாக இருப்பவருக்கு 2 புள்ளி ஏறினாலே வித்தியாசம் தெரியும். நடுத்தரம் என்றால் 5, கடுமை என்றால் 7 புள்ளி ஏற வேண்டும். இப்போது கற்பனையாக ஒரு கணக்கு. ஒரு ஜெல்லைப் போட்ட குழு 14இலிருந்து 18க்கு ஏறியது என்று விளம்பரம் சொல்கிறது. நான்கு புள்ளி, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தச் சரக்கும் இல்லாத வேறொரு களிம்பைப் போட்ட குழுவும் 14இலிருந்து 17க்கு ஏறியிருந்தால்? ஜெல்லின் சொந்தப் பங்கு ஒரே ஒரு புள்ளி. மீதி மூன்றும் எதிர்பார்ப்பு, துணையோடு கூடுதல் நேரம், ஆய்வில் இருக்கிறோம் என்ற தைரியம், கூடவே மொட்டில் நடந்த தேய்ப்பு. விறைப்பு விஷயத்தில் மனத்தின் பங்கு பெரிது என்பதால் இந்த ‘மீதி’ எப்போதும் கணிசமாகவே இருக்கும்.

எரோக்ஸானின் சிக்கல் இங்கேதான். அதைவிடச் சாதுவான இன்னொரு பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய பரிசோதனை நடக்கவில்லை. அமெரிக்க அனுமதிக்காக நடந்த ஆய்வில் ஏறக்குறைய 100 பேர் 24 வாரம் கலந்துகொண்டார்கள். ஒப்பீட்டுக்கு இருந்தது விறைப்புக்குத் தரப்படும் 5 மி.கி. டாடலாஃபில் மாத்திரை. யாருக்கு எது என்று எல்லோருக்கும் தெரியும். இரு குழுக்களுமே முன்னேறின. புள்ளியில் மாத்திரை முந்தியது, ஜெல் பத்து நிமிடத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. ஆகவே எங்கள் கணிப்பு இது: போட்டவர்களில் பலருக்குப் பலன் தெரிந்திருக்கிறது என்பது உண்மை, அந்தப் பலனில் எவ்வளவு ஜெல்லுடையது, எவ்வளவு தேய்ப்புக்கும் நம்பிக்கைக்கும் உரியது என்பது பிரிக்கப்படவில்லை. லேசான குறைபாடு உள்ளவர், மாத்திரை விழுங்க முடியாதவர் முயன்று பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. மொட்டில் மட்டும், ஒரு குழாயை முழுவதுமாக, சுமார் 15 விநாடி தடவ வேண்டும். தடவிவிட்டுக் காத்திருக்காமல் உடனே முன்விளையாட்டைத் தொடர வேண்டும். ஆல்கஹால் இருப்பதால் சிராய்ப்போ புண்ணோ இருந்தால் எரியும்.

உண்மையான மருந்தாக நிரூபிக்கப்பட்டது ஆல்ப்ரோஸ்டடில் கிரீம். கனடா, ஐரோப்பிய நாடுகளில் வைட்டாரோஸ் போன்ற பெயர்களில் மருந்துச்சீட்டுக்கு மட்டும் கிடைப்பது; அமெரிக்காவில் அனுமதி பெறவில்லை. ஆல்ப்ரோஸ்டடில் நரம்புச் சமிக்ஞைக்காகக் காத்திருக்காமல் நேரடியாக மென்தசையைத் தளர்த்தும். இதையே ஊசியாகக் குறிக்குள் போட்டால் பலருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் போதும். கிரீமில் 300 மைக்ரோகிராம் வைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் சளிச்சவ்வைத் தற்காலிகமாக இளக்கி மருந்தை உள்ளே விடும் ஒரு துணைப்பொருளோடு. முதலில் சொன்ன தடுப்பு எவ்வளவு பெரிது என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

சுமார் 1,700 பேர் கலந்துகொண்ட 12 வாரப் பரிசோதனைகளில், 300 மைக்ரோகிராம் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விறைப்பு மேம்பட்டதாகச் சொன்னார்கள். மருந்தில்லாத அதே மாதிரி கிரீமைப் போட்டவர்களில் ஐந்தில் ஒருவர் அப்படிச் சொன்னார். இந்த இடைவெளிதான் நாம் தேடும் ஆதாரம். ஆனால் கேள்விப் பட்டியலில் சராசரி ஏற்றம் இரண்டு, மூன்று புள்ளிதான். ஊசியின் பலத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

போடும் முறை பிசகினால் அந்தப் பலனும் போய்விடும். கிரீம் ஒரு சிறிய ஒற்றைப் பயன்பாட்டுக் குழலில் வரும். மொத்தமே 100 மி.கி., பட்டாணி அளவுகூட இருக்காது. குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே, 25 டிகிரிக்குக் கீழே, மூன்று நாள் வரைதான் தாங்கும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கிடந்த குழலைப் போட்டுவிட்டு ‘மருந்து சரியில்லை’ என்பதில் அர்த்தமில்லை, வெப்பம் அதை முன்பே சிதைத்திருக்கும். போடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், பிறகு கழித்தால் மருந்தும் கூடவே போகும். குழல் இருக்கும் பாக்கெட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக் குளிர் போக்கவும். முன்தோல் இருந்தால் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மொட்டை மெல்ல அழுத்தித் துவாரத்தைத் திறக்கவும். குழலின் நுனியைத் துவாரத்துக்கு நேர் மேலே வைக்க வேண்டும், உள்ளே நுழைக்கக் கூடாது. ஐந்து முதல் பத்து விநாடி எடுத்து மெதுவாக அழுத்தினால் கிரீம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். அழுத்தி முடித்ததும் குறியை நிமிர்த்தி அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இந்த அரை நிமிடத்தைத்தான்; கிரீம் வெளியே வழிந்து மொட்டின் மேல் தங்கிவிடும், எரிச்சல் மட்டும் மிஞ்சும். வழிந்ததை விரலால் துவாரத்துக்குள் தள்ள வேண்டாம், மொட்டின் மீது மெல்லப் பரப்பிவிட்டால் போதும். பிறகு கை கழுவ வேண்டும். அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் நன்றாகவே தெரியும்.

ஐந்து முதல் முப்பது நிமிடத்தில் ஆரம்பித்து ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் நிற்கும். ஒரு நாளில் ஒரு முறைதான், வாரத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் கூடாது. முதல் தடவை பலன் இல்லை என்று அன்றே இன்னொரு குழலைப் போடுவது ஆபத்து. லேசான எரிச்சலும் சிவப்பும் சிலருக்கு வரக்கூடியவை. தலை சுற்றினால் உடனே படுத்துவிடுங்கள், இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் அது அவசரச் சிகிச்சைக்கான நேரம். காலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றால் உள்திசு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். அரிவாள் செல் நோய், சில இரத்தப் புற்றுநோய்கள், சிவப்பணு மிகுதி உள்ளவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல் என்பதால் அவர்களுக்கு இது தரப்படுவதில்லை. துணைக்கும் எரிச்சல் வரலாம். கர்ப்பிணித் துணையோடு ஆணுறை இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. ஆணுறையும் லேடெக்ஸ் உறையாக இருக்கட்டும், பரிசோதித்துப் பார்த்தது அந்த வகையைத்தான்.

இவை இரண்டையும் விட்டால் வேறு வேலைக்கான மருந்துகளைத் தவறாக இங்கே கொண்டுவரும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கிரீமும் ஸ்பிரேயும் சீக்கிரம் விந்து வெளிப்படுவதற்கானவை. அதற்கு ஆதாரமும் உண்டு. ஆனால் விற்பனைப் பெட்டியில் ‘நேரம் கூடும், வலிமை கூடும்’ என்று சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். விறைப்பு தொடர்ந்து நிற்கத் தொடு உணர்வு தேவை. அதை மரக்க வைத்தால், ஏற்கெனவே விறைப்பு தடுமாறுபவருக்கு இன்னும் மோசமாகும். அரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் கிரீமைப் போட்டு வைத்து விறைப்பே போன அனுபவங்கள் ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கின்றன.

டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லின் கதை வேறு. அது ஹார்மோன் குறைவாக இருப்பது இரத்தப் பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு. காலையில், இரண்டு தனித்தனி நாள்களில் எடுத்த அளவுகள் 300 நானோகிராமுக்குக் கீழே (ஒரு டெசிலிட்டருக்கு) இருந்தால்தான் பேச்சே. தோளிலோ மேற்கையிலோ தினமும் தடவ வேண்டும், பிறப்புறுப்பில் தடவக் கூடாது. பலன் வாரக்கணக்கில் வரும், அதுவும் முக்கியமாக ஆசையில்தான். ஜெல் காயும் முன் குழந்தைகளையோ பெண்களையோ தொட்டால் அவர்கள் உடம்புக்கும் ஹார்மோன் போய்ச் சேரும்.

நைட்ரோகிளிசரின் களிம்பு ஆசனவாய் வெடிப்புக்கும் நெஞ்சுவலிக்கும் வீட்டில் இருக்கக்கூடும். அதை எடுத்துக் குறியில் தடவிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பலருக்கும் மிஞ்சுவது மண்டையைப் பிளக்கும் தலைவலி; துணைக்கும் அதே தலைவலி. விறைப்பு மாத்திரையான சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள் இதைத் தடவினால் இரத்த அழுத்தம் மயக்கம் வரும் அளவுக்குச் சரியலாம். உயிருக்கே ஆபத்து.

இனி அழகுப்பொருள் வகை. சட்டப்படி இவை தோலைப் பராமரிக்கும் பொருள்கள் மட்டுமே. விறைப்பை உண்டாக்கும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இவற்றுக்கு இல்லை. சொற்களைக் கவனித்தால் புரியும். ‘ஆண்மைக்கு உதவும்’, ‘இரத்த ஓட்டத்தைத் தூண்டும்’, ‘உணர்வைக் கூட்டும்’ என்று வளைத்து வளைத்துச் சொல்வார்கள். விறைப்புக் குறைபாட்டைக் குணப்படுத்தும் என்று நேராக எழுதினால் அது மருந்தாகிவிடும், ஆதாரம் கேட்பார்கள்.

இந்த வகையில் ஒரு குழாயின் பின்பக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: தண்ணீர், கற்றாழைச் சாறு, கிளிசரின், எல்-ஆர்ஜினைன், ஜின்செங் சாறு, மெந்தால், மெத்தில் நிக்கோடினேட். வரிசையில் முதலில் வருவது அதிக அளவில் இருப்பது. ஆகவே இந்தக் குழாயில் பெரும்பகுதி தண்ணீரும் கற்றாழையும்தான், அதாவது வழவழப்பு. எல்-ஆர்ஜினைனிலிருந்து உடம்பு நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது என்பது சரிதான். ஆனால் அது நீரில் கரையும் அமினோ அமிலம். தோலைத் தாண்டி உள்குழலுக்குப் போதுமான அளவில் போய்ச் சேர்வதாகக் காட்டப்படவில்லை. வாய்வழியாக எடுத்த சில ஆய்வுகளில் ஓரளவு பலன் உண்டு, அதுவும் கிராம் கணக்கில். அந்த ஆய்வைக் காட்டித்தான் கிரீமை விற்கிறார்கள். ஜின்செங்கும் அப்படியே, ஆய்வுகள் பெரும்பாலும் உள்ளே சாப்பிட்டதைப் பற்றியவை.

கடைசி இரண்டும்தான் நீங்கள் உணரும் ‘வேலை’. மெந்தால் குளிரை உணரும் நரம்பைத் தட்டுகிறது. உண்மையில் எதுவும் குளிர்வதில்லை. மெத்தில் நிக்கோடினேட் தோலின் நுண்நாளங்களை விரித்துச் சிவக்கவும் சூடாகவும் வைக்கிறது. மிளகாய்ச் சாறு சேர்த்தவையும் இதே இனம். தோல் சிவப்பதைப் பார்த்து ‘இரத்தம் வருகிறது’ என்று தோன்றும். வருவது தோலுக்கு, விறைப்புக்குத் தேவையான இரத்தம் நார் உறைக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பாதை இல்லை. கன்னம் சிவந்தால் கை பலம் கூடுவதில்லை அல்லவா? நீளமும் தடிமனும் கூடும் என்று சொல்லும் எதற்கும் இந்த அளவு விளக்கம்கூடத் தேவையில்லை. அப்படி ஒரு கிரீம் இல்லை.

ஆனாலும் இவற்றால் கெடுதல் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. முன்தோலின் அடியில் தங்கும் மெந்தாலும் வாசனைப்பொருள்களும் மொட்டு அழற்சியைக் கொண்டுவரும்: தொடர்ந்த சிவப்பு, அரிப்பு, தோல் வெடிப்பு. முன்தோல் இறுகிப் பின்னால் போக மறுத்தால் தடவுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண்ணெய் கலந்தவை லேடெக்ஸ் உறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனப்படுத்தும். உறை கிழிந்த பிறகே பலர் குழாயின் பின்பக்கத்தைப் படிக்கிறார்கள். ஏதேனும் ஒன்றைத் தடவியே தீருவது என்றால், முன்னதாக முன்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். அங்கே எரிந்தால் அதைவிட மெல்லிய தோலில் போட வேண்டாம்.

எந்தக் கிரீமாக இருந்தாலும், போடுவதற்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? தனியாக இருக்கும்போது? இரண்டிலும் சரியாக இருந்து துணையோடு மட்டும் தடுமாறினால் நாளங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அங்கே வெறும் ஜெல்லும் தேய்ப்பும் நம்பிக்கையும்கூட வேலை செய்துவிடும். அதனால்தான் இணையத்தில் எந்தக் குழாய்க்கும் பாராட்டுக் கடிதம் கிடைக்கிறது. காலை விறைப்பும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து வந்தால் காரணம் பெரும்பாலும் நாளங்களிலோ நரம்பிலோ இருக்கும். குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை, அடைப்பு அங்கேதான் முதலில் வெளியே தெரியும். நெஞ்சுவலிக்குச் சில வருடங்கள் முன்பே விறைப்பு குறைவது அடிக்கடி நடப்பது. அப்படிப்பட்டவர் கிரீமைத் தேடும் அதே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகளின் பெயர்களையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில சமயம் ஒரு மாத்திரையை மாற்றியதிலேயே பிரச்சினை முடிந்துவிடுகிறது, கிரீமுக்கு வேலையே இருப்பதில்லை.